சட்டைத் துணி, துண்டு ஆகியவற்றின் தரம்: நூல் எண், இழை எண்ணிக்கை, எடை

சட்டைத் துணியின் தரத்தையும் துண்டின் தரத்தையும் குறிப்பிட வணிகத்தில் பொதுவாக நான்கு செய்திகள் கூறப்படுகின்றன. அவை நூலின் எண், ஓர் அங்குலத்தில் உள்ள இழைகளின் எண்ணிக்கை, நெசவின் வகை, ஒரு சதுர மீட்டர் துணியின் எடை என்பனவாகும். கடைசியில் கூறப்பட்ட எடையை ஜி.எஸ்.எம். என்று அழைப்பர். இந்த நான்கும் தனித்தனியான செய்திகள் அல்ல. நூலின் எண்ணும் இழைகளின் எண்ணிக்கையும் தெரிந்தால் துணியின் எடையைக் கணக்கிட்டுவிடலாம். கணக்கிட்ட எடையும் தராசு காட்டும் எடையும் பொருந்தாவிட்டால், கூறப்பட்ட செய்திகளுள் ஏதோ ஒன்று உண்மையில்லை என்று அறியலாம். வாங்குபவருக்கு இந்த எண்களால் கிடைக்கும் முதன்மையான பயன் இதுவே.

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிப் பகுதி இச்செய்திகளை நேரில் கண்டறிய ஏற்ற இடமாகும். காவிரியின் கிழக்குக் கரையில் ஈரோட்டுக்கு எதிரே பள்ளிபாளையமும், பவானிக்கு எதிரே குமாரபாளையமும் உள்ளன. இவ்விரு ஊர்களிலும் திருச்செங்கோட்டுப் பகுதியிலும் விசைத்தறிகள் மிகுதி. இங்கே லுங்கி, துண்டு, சட்டைத் துணி, ரேயான் துணி போன்றவை நெய்யப்படுகின்றன. சேலம் மாவட்டத்தில் இளம்பிள்ளை, தாரமங்கலம், ஜலகண்டாபுரம் முதலிய ஊர்கள் நெசவுக்குப் பெயர் பெற்றவை. நெசவுத் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் 1960 முதல் சேலத்தில் இயங்கி வருகிறது.

பாவும் ஊடையும்

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் நூல் பாவு எனப்படும். அதற்குக் குறுக்கே, நாடாவின் மூலம் ஒவ்வொன்றாகச் செலுத்தப்படும் நூல் ஊடை எனப்படும். பாவு நூல்கள் அச்சு என்னும் சீப்புப் போன்ற அமைப்பின் பல் இடுக்குகள் வழியே செல்கின்றன. ஆகவே அகலத்தில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பாவு இழைகள் என்பது நெசவைத் தொடங்கும் முன்பே அச்சினால் முடிவாகிவிடுகிறது. ஊடையின் நிலை வேறு. நெய்த துணி உருளையில் எவ்வளவு வேகமாகச் சுற்றப்படுகிறது என்பதைப் பொறுத்து ஓர் அங்குலத்தில் விழும் ஊடை இழைகள் கூடும் அல்லது குறையும். விசைத்தறியில் இந்த வேகத்தை ஒரு பற்சக்கரம் முடிவு செய்கிறது. அச்சக்கரத்தை மாற்றினால் அதே பாவில் ஊடையை நெருக்கமாகவும் நெய்யலாம், கலக்கமாகவும் நெய்யலாம். தொழிலில் ஊடை இழையை ‘பிக்’ என்றே சொல்வர்.

துணியின் இழைக் கணக்கைப் பாவு எண்ணிக்கை முதலிலும் ஊடை எண்ணிக்கை அடுத்தும் வருமாறு எழுதுவது வழக்கம். 100 × 80 என்றால் ஓர் அங்குலத்தில் பாவு 100, ஊடை 80 என்று பொருள். இரண்டையும் கூட்டி வரும் 180 என்பதே இழை எண்ணிக்கை என்று விளம்பரங்களில் சொல்லப்படுவது.

நூலின் எண்

பருத்தி நூலின் பருமனை எண்ணால் குறிப்பர். ‘40ஆம் நம்பர் நூல்’, ‘20ஆம் நம்பர் நூல்’ என்று நெசவாளர்கள் சொல்வது இதையே. 840 கஜ நீளம் கொண்ட சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ, அந்த எண்ணிக்கையே நூலின் எண் ஆகும். 840 கஜம் என்பது ஏறத்தாழ 768 மீட்டர். ஒரு பவுண்டு என்பது 453.6 கிராம்.

இதிலிருந்து ஒரு செய்தி தெளிவாகிறது. எண் உயர உயர நூல் மெல்லியதாகும். 20ஆம் நம்பர் நூலில் ஒரு கிராமுக்குச் சுமார் 34 மீட்டர் கிடைக்கும். 40ஆம் நம்பரில் அதே ஒரு கிராமுக்குச் சுமார் 68 மீட்டர் கிடைக்கும். அன்றாடம் அணியும் பருத்திச் சட்டைகளுக்கு 40ஆம் நம்பர் நூல் பரவலாகப் பயன்படுகிறது. துண்டுகளுக்கு 20ஆம் நம்பரும் அதைவிடப் பருமனான நூல்களும் ஏற்றவை.

இரண்டு மெல்லிய நூல்களைச் சேர்த்து முறுக்கியும் ஒரு நூலாக ஆக்குவதுண்டு. 80ஆம் நம்பர் நூல் இரண்டை முறுக்கினால் அதன் பருமன் 40ஆம் நம்பர் ஒற்றை நூலின் அளவுக்கு வரும். இதை 2/80 என்று எழுதுவர். பருமன் ஒன்றாக இருந்தாலும் முறுக்கிய நூல் சீராகவும் வலுவாகவும் இருக்கும், விலையும் கூடுதல்.

எடையைக் கணக்கிடும் முறை

ஒரு சதுர மீட்டர் துணியில் எவ்வளவு நீள நூல் உள்ளது என்று முதலில் பார்க்கவேண்டும். ஒரு மீட்டர் என்பது 39.37 அங்குலம். அங்குலத்துக்கு 100 பாவு இழைகள் இருந்தால் ஒரு மீட்டர் அகலத்தில் 3,937 இழைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம் என்று கொண்டால் மொத்தம் 3,937 மீட்டர் நூல் ஆகிறது. ஒரு கிராமுக்கு 68 மீட்டர் என்னும் கணக்கில் இதன் எடை ஏறத்தாழ 58 கிராம். இதே முறையில் அங்குலத்துக்கு 80 ஊடை என்றால் ஏறத்தாழ 46 கிராம் வரும். இரண்டும் சேர்ந்து சுமார் 104 கிராம்.

ஆனால் துணியில் நூல் நேர்கோடாகக் கிடப்பதில்லை. மேலும் கீழுமாக வளைந்து செல்வதால் ஒரு மீட்டர் துணிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மிகுதியான நூல் தேவைப்படும். சட்டைத் துணியில் இந்த மிகுதி பெரும்பாலும் 100க்கு 6 முதல் 8 வரை இருக்கும். இதையும் சேர்த்துக்கொண்டு ஓர் எளிய வாய்பாட்டை அமைக்கலாம்.

சதுர மீட்டர் எடை (கிராம்) = 25 × (பாவு + ஊடை) ÷ நூல் எண்

பாவுக்கும் ஊடைக்கும் ஒரே எண் நூலாக இருக்கும்போது இது பொருந்தும். மேற்கண்ட துணிக்கு 25 × 180 ÷ 40 = 112.5 கிராம் என்று விடை வருகிறது. இது தோராய விடை. இரண்டு மூன்று கிராம் முன்பின் இருப்பது இயல்பு. பாவிலும் ஊடையிலும் வெவ்வேறு எண் நூல்கள் இருந்தால் ஒவ்வொன்றையும் அதனதன் எண்ணால் வகுத்துப் பிறகு கூட்டவேண்டும்.

துணியை எடைபோடுவதும் எளிது. 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் அளவில் ஒரு சதுரம் வெட்டி, நகைக்கடையிலோ பள்ளி ஆய்வகத்திலோ உள்ள நுண்தராசில் எடைபோட்டு, வரும் கிராமை 100ஆல் பெருக்கினால் சதுர மீட்டர் எடை கிடைக்கும். 1.12 கிராம் என்றால் 112 ஜி.எஸ்.எம்.

இழைகளை எண்ண, ஓர் அங்குலச் சதுரத் திறப்புள்ள மடக்கு உருப்பெருக்கியைத் துணி வணிகர்கள் வைத்திருப்பர். அது இல்லாதவர்கள் துணியின்மேல் அளவுகோலை வைத்து, கைப்பேசியில் மிக அருகிலிருந்து படம் எடுத்து, அதைப் பெரிதாக்கி எண்ணலாம். கரைப் பகுதியில் பாவு நெருக்கமாக இருக்கும் என்பதால் அங்கே எண்ணக்கூடாது. துணியின் நடுப்பகுதியில் நான்கைந்து இடங்களில் எண்ணிச் சராசரி எடுப்பதே சரியானது.

ஓர் எடுத்துக்காட்டு

ஒருவர் 58 அங்குல அகலமுள்ள வெள்ளைச் சட்டைத் துணியில் ஒரு மீட்டர் வாங்குகிறார் என்று கொள்வோம். ‘40ஆம் நம்பர் நூல், 100 × 80’ என்று விற்பவர் சொல்கிறார். வாங்கியவர் சிறு சதுரம் ஒன்றை எடைபோடுகிறார், 1.14 கிராம் வருகிறது. அதாவது 114 ஜி.எஸ்.எம். கணக்குப்படி 112.5 வரவேண்டும். எடை பொருந்துகிறது. இத்துடன் நிறுத்தினால் விற்பவர் சொன்னது சரி என்றே தோன்றும்.

பிறகு இழைகளை எண்ணுகிறார். பாவு 92, ஊடை 68 என்று வருகிறது. மொத்தம் 160. வாய்பாட்டின்படி 25 × 160 ÷ 40 = 100 கிராம்தான் வரவேண்டும். ஆனால் தராசு 114 காட்டுகிறது. மிகுதியாக உள்ள 14 கிராம் எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. இதற்கு இரண்டு விடைகள் இருக்கக்கூடும். நூல் 40ஆம் நம்பராக இல்லாமல் சற்றுப் பருமனானதாக இருக்கலாம். அல்லது துணியில் கஞ்சி மிகுதியாக ஏற்றப்பட்டிருக்கலாம்.

இரண்டில் எது என்று அறிய, மீதித் துணியை முழுதாகத் துவைத்துப் பார்க்கவேண்டும். 58 அங்குலம் என்பது 1.473 மீட்டர். ஆகவே ஒரு மீட்டர் துணியின் எடை 114 × 1.473 = 168 கிராம். வெட்டியெடுத்த சிறு சதுரம் ஒரு கிராம் அளவே என்பதால் அதைக் கணக்கில் விட்டுவிடலாம். துணியைச் சூடான சோப்பு நீரில் ஊறவைத்து, நன்றாக அலசி, முன்பு இருந்ததுபோலவே உலர்ந்த பின் எடைபோட்டால் 148 கிராம் இருக்கிறது. இருபது கிராம் நீரோடு போய்விட்டது. 148ஐ 1.473ஆல் வகுத்தால் ஏறத்தாழ 100 வருகிறது. எண்ணிய இழைகளுக்கு உரிய எடை இதுவே. ஆகவே நூல் 40ஆம் நம்பர்தான், இழைகள்தான் குறைவு. அந்தக் குறைவைக் கஞ்சி மறைத்திருக்கிறது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, துவைத்த பின் மீண்டும் ஒரு சதுரம் வெட்டி ஜி.எஸ்.எம். கணக்கிடக்கூடாது. துணி சுருங்கியிருக்கும், சுருங்கிய துணியில் அதே சதுரத்துக்குள் மிகுதியான நூல் அடங்கிவிடுவதால் விடை பிழையாகும். முழுத் துண்டத்தின் எடையை முன்னும் பின்னும் ஒப்பிடுவதே முறை. இரண்டாவது, பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மழைநாளில் எடைபோட்டதையும் கோடை வெயிலில் எடைபோட்டதையும் ஒப்பிட்டால் அந்த வேறுபாடும் கணக்கில் நுழைந்துவிடும்.

கஞ்சி உள்ளதா என்று அறியப் பள்ளி ஆய்வகச் சோதனை ஒன்றும் உதவும். நீர் கலந்த அயோடின் கரைசலில் ஒரு சொட்டைத் துணியின் ஓரத்தில் விட்டால், மாவுப்பொருள் இருக்கும் இடம் கருநீலமாக மாறும். சோற்றிலும் உருளைக்கிழங்கிலும் செய்து காட்டும் அதே சோதனைதான். நிறம் மாறாவிட்டால் மாவுக் கஞ்சி இல்லை என்று மட்டும் கொள்ளலாம். வேறு பசைகள் இருந்தால் இச்சோதனை முழுமையாகக் காட்டிக்கொடுக்காது.

ஊடை ஏன் முதலில் குறைகிறது

பாவு நூல் தறியில் தேய்ந்து அறுந்துபோகாமல் இருக்க அதற்குக் கஞ்சி போட்டே ஆகவேண்டும். ஆகவே தறியிலிருந்து இறங்கும் துணியில் கஞ்சி இருப்பது குற்றமாகாது. சலவை செய்து விற்பனைக்கு வரும் துணியில் அது நீங்கியிருக்கவேண்டும். எடையைக் கூட்டிக் காட்டுவதற்காக மீண்டும் ஏற்றும்போதுதான் வாங்குபவர் ஏமாறுகிறார்.

இழைகளைக் குறைப்பதில் உள்ள ஆதாயத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு விசைத்தறி நிமிடத்துக்கு 150 ஊடை செலுத்துகிறது என்று கொள்வோம். அங்குலத்துக்கு 80 ஊடை என்றால் ஒரு மீட்டருக்குச் சுமார் 3,150 ஊடை. அதை நெய்ய 21 நிமிடம் ஆகும். 68 ஊடை என்றால் ஒரு மீட்டருக்குச் சுமார் 2,680 ஊடை. 18 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தறி நிற்காமல் ஓடினால், பத்து மணி நேரத்தில் முதல் துணி ஏறத்தாழ 28 மீட்டரும் இரண்டாவது துணி ஏறத்தாழ 33 மீட்டரும் இறங்கும். ஐந்து மீட்டர் கூடுதலாகக் கிடைப்பதோடு, மீட்டருக்கு 100க்கு 15 பங்கு ஊடை நூலும் மிச்சமாகிறது. பாவைக் குறைக்க அச்சையே மாற்றவேண்டும். ஊடையைக் குறைக்கப் பற்சக்கரம் ஒன்றை மாற்றினால் போதும். விலையைக் குறைத்துக் கேட்கும் நெருக்கடி வரும்போது ஊடை முதலில் குறைவதற்குக் காரணம் இதுதான்.

இப்படிக் குறைந்த துணி துவைத்தபின் தொளதொளவென்று ஆகும். சட்டையின் அக்குள், தோள்பட்டை ஆகிய தையல்களை ஒட்டி இழைகள் நகர்ந்து இடைவெளி தோன்றும். கடையிலேயே இதைச் சோதிக்கலாம். துணியை இரு கைகளாலும் பிடித்து இழுத்துக்கொண்டு, கட்டைவிரல் நகத்தால் மெல்லத் தள்ளவேண்டும். இழைகள் எளிதாக நகர்ந்து கோடு விழுந்தால் நெசவில் நெருக்கம் போதாது என்று பொருள்.

நெசவின் வகை

ஒரே நூலை, ஒரே எடையில் நெய்தாலும் பின்னும் முறை மாறினால் துணியின் குணம் மாறும். ஓர் இழை மேல், ஓர் இழை கீழ் என்று மாறி மாறிச் செல்வது சாதா நெசவு. சட்டைக்கான பாப்ளின் துணி இந்த வகையே. அதில் பாவு மிகுதியாகவும் ஊடை குறைவாகவும் இருக்கும். 40ஆம் நம்பர் நூலில் 133 × 72 என்பது பாப்ளினுக்குப் பெயர்பெற்ற ஓர் அமைப்பு. இதன் எடையைக் கணக்கிட்டால் 128 ஜி.எஸ்.எம். வரும். பாவும் ஊடையும் சமமாக இல்லாததைக் கண்டு இதைக் குறைபாடு என்று கருதக்கூடாது. வழவழப்பான முகப்புக்காகவே அப்படி அமைக்கப்படுகிறது.

இரண்டு இழைகளைத் தாண்டிச் சென்று, ஒவ்வொரு வரியிலும் ஓர் இழை நகர்ந்து பின்னுவது ட்வில் நெசவு. துணியின்மேல் சாய்ந்த கோடுகள் தெரியும். பின்னும் இடங்கள் குறைவு என்பதால் இழைகளை இன்னும் நெருக்கமாக அடுக்கலாம். துணி மென்மையாக மடியும், கசங்கலும் குறைவு. ஆனால் அதே நூல் எண்ணையும் அதே இழை எண்ணிக்கையையும் கொண்டு சாதா நெசவில் நெய்த துணியைவிட ட்வில் துணி சற்றுத் தளர்வாகவே இருக்கும். ஆகவே ட்வில் துணியின் இழை எண்ணிக்கையைப் பாப்ளினின் எண்ணிக்கையோடு நேரடியாக ஒப்பிடுவது தவறான முடிவைத் தரும்.

பாவில் இரண்டிரண்டு இழைகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுவது ஆக்ஸ்ஃபோர்ட் என்னும் சட்டைத் துணி. தமிழகத்தில் நெடுங்காலமாக வழங்கும் ஈரிழைத் துண்டும் இழைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து நெய்வதாலேயே அப்பெயர் பெற்றது. சேர்ந்து கிடக்கும் இழைகளுக்கிடையே நீர் எளிதில் புகும் என்பதால் இந்த அமைப்பு துண்டுக்கு மிகவும் ஏற்றது.

ஆயிரம் இழை என்னும் விளம்பரம்

இழை எண்ணிக்கை பெரிதாக இருந்தால் துணி உயர்ந்தது என்னும் எண்ணம் படுக்கை விரிப்பு விளம்பரங்களால் பரவியது. இப்போது சட்டைகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் நூலின் பருமன் இதற்கு ஓர் எல்லையை விதிக்கிறது. பருத்தி நூல்களை ஒன்றையொன்று தொடும்படி அருகருகே அடுக்கினால், ஓர் அங்குலத்தில் அடங்கும் இழைகள் ஏறத்தாழ நூல் எண்ணின் வர்க்கமூலத்தை 28ஆல் பெருக்கிய அளவு இருக்கும். 40ஆம் நம்பர் நூலில் இது சுமார் 177. மிக மெல்லிய 100ஆம் நம்பர் நூலில் 280. பாவையும் ஊடையையும் இப்படியே அடுக்கியதாகக் கொண்டாலும் 560தான் வரும். உண்மையில் ஒவ்வொரு பின்னலிலும் குறுக்கு நூல் நுழைந்து செல்ல இடம் வேண்டும். எனவே அந்த அளவையே சாதா நெசவில் எட்டமுடியாது.

அப்படியானால் 1,000 என்னும் எண் எப்படி வருகிறது? பல மெல்லிய நூல்களைச் சேர்த்து ஒரே ஊடையாகச் செலுத்தி, அவற்றைத் தனித்தனியாக எண்ணுவது ஒரு வழி. முறுக்கிய நூலின் பிரிகளைத் தனித்தனியாக எண்ணுவது மற்றொரு வழி. 2/80 நூலில் நெய்த 100 × 80 துணியை இந்த முறையில் எண்ணினால் 180 என்பது 360 ஆகிவிடும். முறுக்கிய நூலின் பிரிகளை எண்ணி இழை எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுவது நுகர்வோரைத் தவறாக வழிநடத்தக்கூடும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் அலுவலர்கள் 2005ஆம் ஆண்டில் எழுதிய கடிதம் ஒன்றில் கருத்துத் தெரிவித்தனர். நெசவாளரின் கணக்கில் முறுக்கிய நூல் எப்போதும் ஓர் இழையே.

துண்டின் தரம்

தேங்காய்ப்பூத் துண்டு என்று நாம் சொல்லும் வளையத் துண்டுக்கு மேற்கண்ட வாய்பாடு பொருந்தாது. அதில் இரண்டு பாவுகள் உண்டு. ஒன்று இறுக்கமாக இழுத்துக் கட்டப்பட்ட அடிப்பாவு. மற்றொன்று தளர்வாக விடப்படும் வளையப் பாவு. முதல் இரண்டு ஊடைகளை அச்சு முழுதாக நெருக்காமல் சற்றுத் தள்ளியே நிறுத்திவிடும். மூன்றாவது ஊடை விழுந்ததும் மூன்றையும் சேர்த்து முழு வேகத்தில் அடித்து நெருக்கும். அப்போது தளர்வான பாவு நூல் போக இடமின்றி வளையமாக மேலெழும்பும். ஒரு மீட்டர் துண்டுக்கு வளையப் பாவு நான்கு, ஐந்து மீட்டர்கூடச் செலவாகும். ஆகவே இங்கே இழை எண்ணிக்கையால் அதிகப் பயனில்லை. எடையே முதன்மையான அளவு.

துண்டை வெட்டாமலே அதன் ஜி.எஸ்.எம்.மைக் கண்டுபிடிக்கலாம். 75 சென்டிமீட்டர் அகலமும் 150 சென்டிமீட்டர் நீளமும் உள்ள துண்டின் பரப்பு 1.125 சதுர மீட்டர். சமையலறைத் தராசில் அது 450 கிராம் இருந்தால், 450 ÷ 1.125 = 400 ஜி.எஸ்.எம். நீள அகலத்தை நாமே அளந்துகொள்ளவேண்டும். 30 × 60 அங்குலம் என்று எழுதிய துண்டு உண்மையில் 28 × 56 அங்குலமாக இருந்தால், ஒவ்வொரு பக்கத்திலும் குறைவு சிறிதாகத் தோன்றினாலும் பரப்பில் 100க்கு 13 பங்கு குறைந்துவிடுகிறது. ஜி.எஸ்.எம். சரியாக இருந்தும் நூல் குறைவாகவே கிடைக்கிறது.

எடை கூடினால் வளைய நூல் கூடும். நீரை உறிஞ்சும் அளவும் கூடும். ஆனால் உலரும் நேரமும் நீளும். 500 ஜி.எஸ்.எம். துண்டு காற்றோட்டம் இல்லாத வீட்டில் மறுநாள் வரை ஈரமாகவே இருந்து வாடை வீசலாம். வயல் வேலைக்குச் செல்பவர்கள் தலையில் கட்டவும், வியர்வை துடைக்கவும், கிணற்றில் குளித்துவிட்டு உடனே உலர்த்தவும் மெல்லிய ஈரிழைத் துண்டையே விரும்புவர். 180 கிராம் எடையுள்ள அதே அளவுத் துண்டு 160 ஜி.எஸ்.எம். மட்டுமே, ஆனால் விரைவில் உலர்ந்துவிடும். இங்கே குறைந்த எடை குறைந்த தரம் ஆகாது. எந்தப் பயன்பாட்டுக்கு என்பதைக் கொண்டே எடையை மதிப்பிடவேண்டும்.

ஒரே எடையுள்ள இரண்டு வளையத் துண்டுகளும் சமமாக இருக்கும் என்று சொல்லமுடியாது. ஒன்றில் வளையங்கள் நீளமாகவும் அடித்துணி கலக்கமாகவும் இருக்கும். மற்றொன்றில் வளையங்கள் குட்டையாகவும் நெருக்கமாகவும், அடித்துணி கெட்டியாகவும் இருக்கும். முதலாவது கடையில் தொடும்போது பஞ்சுபோல் இருக்கும். ஆனால் வளையங்கள் வளையலிலும் கொடிக் கம்பியிலும் மாட்டி இழுபட்டுவிடும். துண்டை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்து இருபுறமும் இழுத்தால் வேறுபாடு தெரியும். அடித்துணியின் இடைவெளிகள் வழியே வெளிச்சம் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் அது கலக்கமான நெசவு. மாட்டி இழுபட்ட வளையத்தை இழுத்து அறுக்காமல் கத்தரியால் வெட்டிவிடலாம். அதனால் துண்டு பிரிந்துபோகாது.

புதுத் துண்டின் மென்மையை நம்பவும் கூடாது. மென்மைக்காகச் சிலிக்கோன் கலந்த பூச்சு போடப்படுவதுண்டு. அது நீரை விலக்கும் தன்மையுடையது. புதுத் துண்டின்மேல் ஒரு சொட்டு நீரை விட்டால், அது உடனே உள்ளே இறங்காமல் முத்துப்போல் நின்றால் பூச்சு உள்ளது என்று அறியலாம். மூன்று நான்கு முறை துவைத்த பின் மீண்டும் சொட்டு விட்டுப் பார்க்கவேண்டும். நூலின் முறுக்குத் தளர்வாகவும் பருத்தி நன்றாகவும் இருந்தால் அப்போது நீர் விழுந்தவுடன் மறையும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்பு சரியாகக் கரையாமல் வளையங்களில் படியும்; அதனால் நல்ல துண்டும் நாளடைவில் விறைத்துப்போகும். அந்த விறைப்பைத் துண்டின் குறையாகக் கருதக்கூடாது.

எண்கள் சொல்லாதவை

இந்த அளவுகள் அனைத்தும் நூல் எவ்வளவு, எப்படிப் பின்னப்பட்டது என்பதையே சொல்கின்றன. நூல் எத்தகைய பஞ்சிலிருந்து வந்தது என்பதைச் சொல்வதில்லை. நீண்ட இழைப் பருத்தியில் நூற்ற 40ஆம் நம்பர் நூலும், குட்டை இழைப் பருத்தியில் நூற்ற 40ஆம் நம்பர் நூலும் ஒரே பருமன், ஒரே எடை. ஆனால் குட்டை இழைகளின் நுனிகள் நூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சில மாதங்களில் கழுத்துப்பட்டையிலும் கைமடிப்பிலும் அவை உருண்டு சிறு சிறு முடிச்சுகளாகத் திரளும். நூற்பதற்கு முன் குட்டை இழைகளைச் சீவி நீக்கிய நூலைக் ‘கோம்டு’ நூல் என்பர்; அவ்வாறு சீவாதது ‘கார்டட்’ நூல். துணியை வெளிச்சத்தின்முன் சாய்த்துப் பிடித்து, அதன் விளிம்பில் மயிர்போல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகள் மிகுதியா குறைவா என்று பார்த்தால் இதை ஓரளவு உணரலாம்.

சாயம் நிற்குமா, துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்பவையும் இந்த எண்களில் அடங்கா. சுருக்கத்தை அறிய, தைக்கக் கொடுக்கும் முன் துணியில் 50 சென்டிமீட்டர் இடைவெளியில் நீளவாக்கில் இரண்டு புள்ளிகளும் குறுக்குவாக்கில் இரண்டு புள்ளிகளும் அழியாத மையால் குறித்துக்கொண்டு, துவைத்து உலர்த்தி மீண்டும் அளக்கவேண்டும். 50 சென்டிமீட்டர் 48 ஆகியிருந்தால் சுருக்கம் 100க்கு 4. சட்டையின் உயரம் 75 சென்டிமீட்டர் என்றால் அதில் 3 சென்டிமீட்டர் குறையும். அதைத் தையற்காரரிடம் முன்கூட்டியே சொன்னால் அவர் அந்த அளவைக் கூட்டி வெட்டிவிடுவார்.